எலிவேஷனுக்குள் ஒரு தெரு: ஒரே வீடு, இரண்டு படங்கள்

வீடு கட்டப் போகிறவர் கைக்கு முதலில் வருகிற படத்துக்கு நம்மூரில் எலிவேஷன் என்று பெயர். அந்தப் படத்தில் வீடு தனியாக நிற்கும். பக்கத்து வீடு இல்லை, ஈ.பி. கம்பம் இல்லை, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இல்லை, எந்த அறைக்கும் ஏ.சி. இல்லை. இருபது அடி மனைக்குப் போட்ட படத்தில் இரண்டு பக்கமும் புல்வெளி விரிந்திருக்கும். இப்போது சில கட்டடக் கலைஞர்கள் இந்த வழக்கத்தை விட்டுவிட்டு, வீடு நிற்கப் போகிற தெருவோடு சேர்த்தே படம் கேட்கிறார்கள். சின்டெக்ஸ் டேங்க், ஏ.சி. அவுட்டோர் யூனிட், தலைக்கு மேலே போகிற கம்பிகள் எல்லாம் இருக்க வேண்டும். ஆனால் ஒட்டவைத்த மாதிரி தெரியக் கூடாது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. தெரு, கம்பம், பக்கத்து வீடு எல்லாவற்றையும் கணினியில் முப்பரிமாணமாகவே கட்டிப் படம் எடுப்பது ஒன்று. தெருவைப் புகைப்படம் எடுத்து, அதற்குள் புது வீட்டை மட்டும் பொருத்துவது இன்னொன்று. முன்னதைக் கட்டிய படம் என்றும் பின்னதைப் பொருத்திய படம் என்றும் இங்கே சொல்லிக்கொள்கிறேன். பார்க்கிறவர்கள் பொதுவாகப் பின்னதுதான் இயல்பாக இருக்கும் என்று நினைப்பார்கள். பாதி உண்மைதான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில், மின்கம்பி இன்னும் தலைக்கு மேலே போகிற ஒரு தெரு. அரை கிரவுண்டுக்கும் குறைவான, 20 அடிக்கு 50 அடி மனை, வடக்குப் பார்த்தது. கீழே கார் நிறுத்தம், மேலே இரண்டு மாடிகள். வாசலில் நின்று வீட்டைப் பார்த்தால் இடது பக்கம், அதாவது கிழக்கே, மூன்றடி சந்து. அதற்கு அந்தப் பக்கம் ஒற்றைத் தளத்தோடு ஒரு பழைய வீடு, கைப்பிடிச் சுவரோடு 15 அடி உயரம். முன்பக்கம் விட்ட இடம் ஐந்தடி. தெருவின் அகலம் 20 அடி. நம் வீட்டுக் கைப்பிடிச் சுவரின் உச்சி 33 அடி. படிக்கட்டு முடிகிற ஹெட்ரூம் முன்சுவரிலிருந்து 20 அடி உள்ளே தள்ளி இருக்கிறது. அதன் தலையில் டேங்க். டேங்கின் மூடி தரையிலிருந்து 43 அடியில் வரும்.

கேமரா எங்கே நிற்கிறது என்பதில்தான் இரண்டு படங்களும் முதலில் பிரிகின்றன. கட்டிய படத்தில் கேமராவை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். தொல்லை தொடங்குவதும் அங்கேதான். வீடு முழுதும் சட்டத்துக்குள் வர வேண்டும் என்று கேமராவை அறுபது அடி பின்னால் இழுத்து, பதினைந்து அடி மேலே தூக்கி வைப்பார்கள். தெருவே இருபது அடிதான். அப்படியானால் கேமரா எதிர்வீட்டு மாடி அறைக்குள் நிற்கிறது, எதிர்வீடு இல்லாத மாதிரி பாவனை செய்கிறது. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தத் தெருவில் நின்று எந்த வீட்டையும் அப்படி அவர் பார்த்ததில்லை என்பதால் படம் பொம்மையாகத் தெரியும்.

நேர் எதிரே, எதிர்வீட்டு மதிலை ஒட்டி நிற்கிறோம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கண் மட்டம் ஐந்தடி, முன்சுவர் 25 அடி தூரம், கைப்பிடிச் சுவர் உச்சி 33 அடி. கண்ணிலிருந்து அந்த உச்சியைத் தொட்டுப் போகும் கோடு, இருபது அடி உள்ளே போகும்போது 55 அடி உயரத்துக்கு ஏறிவிடும். டேங்க் முடிவதோ 43 அடியில். அதாவது வீட்டுக்கு நேர் எதிரே நின்றால் டேங்க் தெரியவே தெரியாது. டேங்க் போட்டால் இயல்பாக இருக்கும் என்று சொல்லி, நேர்முகப் படத்தில் கைப்பிடிச் சுவருக்கு மேல் ஒரு கறுப்பு உருளையை வைக்கிறவர், இல்லாத காட்சியைக் காட்டுகிறார்.

அதே கண் தெருவோடு 50 அடி கிழக்கே நகரட்டும். இப்போது பார்வை பக்கத்து ஒற்றைத் தள வீட்டின் மேலாகக் குறுக்கே போகிறது. நம் வீட்டின் பக்கவாட்டுக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி டேங்க் அடி முதல் மூடி வரை தெரியும், அடிப்பகுதி மயிரிழையில். அதைவிட முக்கியமாக, எலிவேஷனில் யாரும் காட்டாத பக்கச் சுவர் வெளியே வருகிறது. குழாய்களும் ஏ.சி. யூனிட்டுகளும் இருப்பது அங்கேதான். இரண்டாம் மாடி யூனிட் முழுசாகத் தெரியும். முதல் மாடி யூனிட் பழைய வீட்டுக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைந்துவிடும். இரண்டில் ஒன்று மறைவது நல்லது. எல்லாமே தெரிகிற மாதிரி அடுக்கிவைத்த படத்தில்தான் சந்தேகம் வரும்.

பொருத்திய படத்தில் இந்தத் தவறுக்கு வழியில்லை. புகைப்படக்காரர் எதிர்வீட்டுக்குள் போய் நிற்க முடியாது. தெருவே அவரைச் சரியான இடத்துக்குத் தள்ளிவிடும். ஆனால் அவர் நின்ற இடத்தைக் கணினிக்குச் சொல்ல வேண்டும். fSpy என்ற இலவச மென்பொருளில் புகைப்படத்தைத் திறந்து, தெருவோடு போகும் இரண்டு கோடுகளையும் தெருவுக்குக் குறுக்கே போகும் இரண்டு கோடுகளையும் குறித்தால், அவை சேரும் புள்ளிகளிலிருந்து கேமராவின் கோணத்தையும் லென்ஸையும் அது கணக்கிட்டுத் தரும். தெருவோடு போகிற கோடுகளுக்கு மதிலின் மேல்விளிம்பும் சன்ஷேடும் போதும். குறுக்குக் கோடுகள் கிடைப்பதுதான் கஷ்டம். பழைய வீட்டின் பக்கச் சுவர் விளிம்பு ஒன்று, கேட்டுக்கு முன்னால் இருக்கும் சாய்தளத்தின் விளிம்பு ஒன்று என்று தேட வேண்டியிருக்கும். கூடவே, அளவு தெரிந்த ஒரு நீளமும் வேண்டும். கேட்டின் அகலத்தை டேப் பிடித்து அளந்து வருவது உத்தமம். புகைப்படத்தை ஏற்கெனவே ஓரம் வெட்டியிருந்தால் கணக்கு பிசகும், ஏனென்றால் லென்ஸின் நடுப்புள்ளி படத்தின் நடுவில் இருக்கிறது என்றுதான் மென்பொருள் நம்புகிறது. பிசகியதைக் கண்டுபிடிக்க எளிய வழி, திரையில் ஒரு ஸ்கேலை வைப்பது. பழைய வீட்டின் சன்ஷேடு கோடும் புது வீட்டின் சன்ஷேடு கோடும் நீட்டினால் ஒரே புள்ளியில் சேர வேண்டும். சேராவிட்டால் வீடு தெருவில் நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும்.

கைபேசியைக் கொஞ்சம் அண்ணாந்து பிடித்து எடுத்த படத்தில் செங்குத்துச் சுவர்கள் மேலே போகப் போக உள்ளே சாயும். கட்டிய படத்தில் இதைத் தவிர்க்க கேமராவைச் சாய்க்காமல் `Shift Y` அளவை மட்டும் கூட்டுவார்கள். சுவர்கள் நிமிர்ந்து நிற்கும். விளம்பரப் படத்துக்கு அது அழகு. தெருவில் நின்று பார்த்த உணர்வு வேண்டுமானால் அந்தச் சிறு சாய்வை விட்டுவைப்பதே மேல் என்பது என் கட்சி.

இனிக் கம்பிகள். புகைப்படத்தில் கம்பிகள் இலவசமாக வருகின்றன. ஈ.பி. கம்பிகள் நான்கைந்து, அவற்றுக்குக் கீழே கேபிள்காரரும் இன்டர்நெட்காரரும் கட்டிய கறுப்புக் கட்டு, கம்பத்தில் சுருட்டித் தொங்கவிட்ட மிச்சக் கேபிள். இத்தனையும் யாரோ ஒருவர் ஒரு தேவைக்காகக் கட்டியவை, அதனால் காரணத்தோடு இருக்கின்றன. கட்டிய படத்தில் அந்தக் காரணங்களை நாம் கொண்டுவர வேண்டும். கம்பி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, வீட்டுக்கு எந்தக் கம்பத்திலிருந்து இணைப்பு இறங்குகிறது, அது பக்கச் சுவரில் எந்த இரும்புக் குழாய்க்குள் நுழைகிறது என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் வானத்தில் நாலு வளைவுகளை இழுத்தால், பண்டிகைத் தோரணம் போலிருக்கும்.

வளைவின் வடிவத்திலும் ஒரு பிழை வழக்கமாக நடக்கிறது. இரண்டு கம்பங்களுக்கு நடுவில் கோட்டைப் பிடித்துக் கீழே இழுப்பார்கள். நடுவில் மட்டும் தொங்கி, இரண்டு பக்கமும் விறைப்பாக நிற்கும். உண்மையில் தொங்கும் கம்பி ஏறக்குறைய இந்தக் கணக்கின்படி போகிறது:

```
y = 4 * s * x * (L - x) / L**2
```

`L` கம்பங்களுக்கு இடையே உள்ள தூரம், `s` நடுவில் உள்ள தொய்வு, `x` ஒரு கம்பத்திலிருந்து தூரம், `y` அந்த இடத்தில் கம்பி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது. நூறடி இடைவெளியில் நடுத்தொய்வு இரண்டடி என்றால், 25 அடி தூரத்திலேயே கம்பி ஒன்றரை அடி இறங்கிவிடுகிறது. கால்வாசி தூரத்தில் முக்கால்வாசித் தொய்வு. இந்த ஒன்றைச் சரியாக வைத்தாலே கம்பிக்கு எடை வந்துவிடும். எல்லாக் கம்பிக்கும் ஒரே தொய்வு கொடுக்கக் கூடாது. ஈ.பி. கம்பியை இழுத்துக் கட்டியிருப்பார்கள், நூறடிக்கு ஓர் அடி சொச்சம்தான் தொங்கும். கேபிள் கட்டை அப்படி யாரும் இழுப்பதில்லை; அது மூன்றடி கூடத் தொங்கும்.

தடிமன் இன்னொரு சங்கடம். தாழ்வழுத்தப் பாதைகளில் வழக்கமாக வரும் ஒரு வகை அலுமினியக் கம்பியின் விட்டம் எட்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐம்பதடி தூரத்திலிருந்து 28 மி.மீ. லென்ஸில் பார்த்து, 1920 புள்ளி அகலத்தில் படம் எடுத்தால், அந்தக் கம்பிக்குக் கிடைப்பது ஒரு புள்ளியில் முக்கால். மாதிரிகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் கம்பி விட்டுவிட்டுத் தெரியும். அதற்குமேல் இரைச்சல் நீக்கியை ஓட்டினால், அது கம்பியையே இரைச்சல் என்று நினைத்து அங்கங்கே தின்றுவிடும். உடனே எல்லோரும் செய்கிற காரியம் கம்பியை இருபது மில்லிமீட்டருக்குத் தடிப்பாக்குவது. அது கயிறு மாதிரி ஆகிவிடும். கம்பியை அதன் அளவிலேயே விட்டு, படத்தை இரு மடங்கு அகலத்தில் எடுத்துப் பிறகு சுருக்குவதுதான் சரி. புகைப்படத்திலும் பளிச்சென்ற வானத்தின் மேல் போகிற கம்பி தன் தடிமனைவிட மெலிந்துதான் விழுகிறது, வானத்தின் வெளிச்சம் இரண்டு பக்கமும் வழிவதால்.

இதுவரை புகைப்படத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது. ஆனால் கம்பிகள் நம் மனைக்கு முன்னாலும் போகின்றன. புகைப்படம் எடுத்த நாளில் அங்கே காலி மனை. கம்பிக்குப் பின்னால் வெறும் வானம். இப்போது அந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர் எழும்புகிறது. வானத்தின் மேல் கறுப்பாகத் தெரிந்த கோட்டை வெட்டியெடுத்துச் சுவரின் மேல் வைத்தால், அது பேனாவால் கிழித்த மாதிரி இருக்கும்.

வெளிச்சத்தின் கணக்கு இன்னும் நுணுக்கமானது. ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு எடுத்த புகைப்படம் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் அந்த நேரத்தில் சூரியன் தென்கிழக்கில், ஏறத்தாழ 42 பாகை உயரத்தில் இருக்கும். வடக்குப் பார்த்த நம் முகப்பு முழு நிழலில்; கிழக்குப் பக்கச் சுவரில் நல்ல வெயில். வீட்டின் நிழல் வடமேற்காக விழுந்து, தெரு முழுவதையும் கடந்து எதிர்ப்பக்க மதில் அடியைத் தொடும். அந்த நிழல் ஆகாயத்தையும் விடாது. முன்சுவரிலிருந்து ஆறடி தள்ளி, இருபதடி உயரத்தில் போகிற ஈ.பி. கம்பி, பக்கத்து வீட்டுக்கு முன்னால் வெயிலில் பளபளத்து வருகிறது. நம் வீட்டின் இடது ஓரத்தில் ஐந்தாறு அடி வரை அந்தப் பளபளப்பு தொடரும். அதற்குப் பிறகு வீட்டு நிழலுக்குள் நுழைந்து மங்கிவிடும். புகைப்படத்தில் இருக்கிற கம்பியோ கடைசி வரை வெயிலில் இருக்கிறது, ஏனென்றால் அன்று நிழல் கொடுக்க வீடு இல்லை. கட்டிய படத்தில் இதற்காக யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சூரியனைச் சரியான இடத்தில் வைத்தால் கம்பி தானாக மங்கும்.

ஆகவே பொருத்திய படம் செய்கிறவர்களில் கை தேர்ந்தவர்கள், வீட்டுக்கு முன்னால் போகிற கம்பிகளைப் புகைப்படத்தில் அழித்துவிட்டு, அதே கேமராவில் முப்பரிமாணக் கம்பிகளாக மறுபடி கட்டுகிறார்கள். வானத்தின் மேல் போகிற பகுதியைத் தொடுவதில்லை. இரண்டும் சேரும் இடத்தை ஒரு கம்பத்திலோ மரத்துக்குப் பின்னாலோ ஒளித்துவிடுகிறார்கள். தெருவில் விழுகிற நிழலுக்கு, தரையில் ஒரு கண்ணுக்குத் தெரியாத தளத்தை வைத்து, பிளெண்டரில் அதற்கு `Shadow Catcher` என்ற குறியைப் போட்டால், நிழல் மட்டும் தனியாக வரும். அதைப் புகைப்படத்தின் மேல் பெருக்கிக்கொள்ளலாம்.

நிழலைப் பற்றி இன்னும் ஒரு விஷயம். சூரியன் வானத்தில் அரைப் பாகைக்குச் சற்று மேல் அகலமுள்ள வட்டு. அதனால் எட்டு மில்லிமீட்டர் கம்பியின் நிழல், சுவரிலிருந்து மூன்றடிக்குள் இருந்தால்தான் நடுவில் முழு இருட்டு இருக்கும். பத்தடி தள்ளிப் போனால் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அது மறைக்கும், விளிம்பே இல்லாத ஒரு மங்கல் கோடாக. கம்பத்திலிருந்து நம் பக்கச் சுவருக்கு வருகிற இணைப்புக் கம்பியின் நிழல், சுவரைத் தொடுகிற இடத்தில் கூர்மையாகவும், விலக விலகக் கரைந்தும் போக வேண்டும். ஆனால் கைமுட்டி அளவுக்குத் தடித்த கேபிள் கட்டு எங்கிருந்தாலும் சுவரில் பட்டையாக நிழல் போடும். பல படங்களில் எல்லாக் கம்பிகளின் நிழலும் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி விழுந்திருப்பதைப் பார்க்கலாம். சூரிய விளக்கின் `Angle` அளவைச் சுழியமாக வைத்ததன் விளைவு அது. அங்கே 0.53 பாகை இருந்தால் போதும்.

ஏ.சி. யூனிட்டிலும் டேங்கிலும் நிலைமை தலைகீழ். இவை இரண்டும் புது வீட்டின் பாகங்கள். புகைப்படத்தில் அவை இல்லை. எந்த வழியில் போனாலும் நாம்தான் கட்டியாக வேண்டும். புகைப்படத்தை நம்பி வந்தவர் இங்கேதான் அசந்துவிடுகிறார். தெரு இயல்பாக இருக்கிறது என்ற தைரியத்தில், இணையத்தில் கிடைத்த யூனிட்டை இறக்கிச் சுவரில் ஒட்டிவிடுகிறார். சுற்றிலும் உண்மையான தெரு இருப்பதால் அந்தப் பொய் இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

ஒன்றரை டன் யூனிட் ஒன்றை அருகே நின்று பாருங்கள். ஏறத்தாழ இரண்டே முக்கால் அடி அகலம், இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த உயரம், ஓரடி ஆழம். விசிறி நடுவில் இருக்காது. எதிரே நின்றால் இடது பக்கம் தள்ளி இருக்கும். வலது பக்கம் கம்ப்ரெசர். செம்புக் குழாய்கள் மாட்டுகிற வால்வுகள் அந்த வலது பக்கவாட்டில். படத்தில் இரண்டு யூனிட் வேண்டும் என்று ஒன்றைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போட்டால், விசிறி வலப்பக்கம் வந்துவிடும். ஏ.சி. மெக்கானிக் யாரேனும் பார்த்தால் சிரிப்பார். மற்றவர்களுக்குச் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும்.

யூனிட் சுவரோடு ஒட்டிக்கொண்டும் இருக்காது. பின்புறமாகத்தான் காற்றை இழுக்கிறது. நாலைந்து அங்குல இடைவெளி வேண்டும், அதற்காகவே இரும்பு ஆங்கிள்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. காலை வெயிலில் அந்த இடைவெளிதான் சுவரில் நிழலாக விழுந்து யூனிட்டுக்குக் கனத்தைக் கொடுக்கிறது. வால்விலிருந்து வெள்ளை டேப் சுற்றிய தடித்த குழாய் ஒன்று வளைந்து சுவரில் ஒரு துளைக்குள் போகும். அந்தத் துளைக்கு மறுபக்கம் ஒரு படுக்கையறை இருக்க வேண்டும். திட்ட வரைபடத்தை விரித்துவைத்து, உள்யூனிட் எந்தச் சுவரில் வரும் என்று பார்த்த பிறகே வெளியூனிட்டை வைக்க வேண்டும். குளியலறைச் சுவரில் ஏ.சி. தொங்குகிற படங்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் சொட்டுவது வெளியூனிட்டிலிருந்து அல்ல, உள்யூனிட்டிலிருந்து. அதன் வடிகுழாய் தனியாக அதே துளையிலிருந்து வெளியே வந்து, சுவரோரமாகக் கீழே இறங்கும். இந்த மெல்லிய குழாய் ஒன்றைச் சேர்த்தால் போதும், யூனிட் வீட்டோடு பேச ஆரம்பித்துவிடும்.

டேங்க் விஷயத்தில் அளவுதான் முதல் பிசகு. ஆயிரம் லிட்டர் டேங்க் என்றால் சுமார் மூன்றரை அடி விட்டம், நாலடி உயரம். பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று ஆறடிக்கு ஆறடி ஆக்கினால் அது ஐயாயிரம் லிட்டர் டேங்காகிவிடும். எட்டடி அகல ஹெட்ரூமின் மேல் பூதம் மாதிரி உட்கார்ந்திருக்கும். பொருத்திய படத்தில் இதற்கு ஓர் அனுகூலம் உண்டு. அக்கம்பக்கத்து மாடிகளில் ஏற்கெனவே டேங்குகள் இருக்கின்றன. நம்முடையதை அவற்றோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். இரண்டாவது பிசகு, டேங்கை நாலு இரும்புக் கால்களில் மட்டும் நிறுத்துவது. பிளாஸ்டிக் டேங்குக்கு அடிப்பரப்பு முழுவதும் சமதளம் வேண்டும், இல்லாவிட்டால் நிரம்பியதும் அடி பிதுங்கும். செங்கல் மேடையோ, சட்டத்தின் மேல் முழுப் பலகையோ வந்தே தீரும். மோட்டாரிலிருந்து ஏறுகிற குழாய் மேலே நுழையும். வீட்டுக்கு இறங்குகிற குழாய் அடியிலிருந்து புறப்படும். அதில் ஒரு கிளை காற்றுப் போக்கியாக டேங்கின் தலையைத் தாண்டி நிமிர்ந்து நிற்கும். அந்த ஒற்றைக் குழாய் வானத்தின் பின்னணியில் தெரிவதுதான் பிளம்பர் வந்துபோனதற்குச் சாட்சி.

கறுப்பு டேங்குக்கு முழுக் கறுப்பு கொடுத்தால் படத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். நூற்றுக்கு நாலைந்து பங்கு வெளிச்சத்தையாவது திருப்பித் தர வேண்டும். மேல்வளைவில் வானத்தின் நீலம் லேசாக ஏற வேண்டும். அழுக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இயல்பு என்றாலே துருவும் பாசியும் என்று நினைத்து எல்லாவற்றிலும் பூசிவிடுகிறார்கள். நம் வீடு நேற்றுக் கட்டியது. பழைய வீட்டுச் சுவரில் மழைக்கறை இருக்கட்டும். நம் சுவரில் எதற்கு?

வடக்குப் பார்த்த வீட்டில் வெயிலைப் பற்றிக் கட்டிய படக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். முகப்பில் 45 பாகையில் சாய்ந்து விழுகிற பொன்வெயில்தான் எல்லா எலிவேஷனிலும் இருக்கிறது. சென்னையில் வடக்கு முகப்புக்கு மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரையில்தான் நேர்வெயில் படும், அதுவும் உரசிக்கொண்டு. ஜூன் காலை எட்டு மணிக்குச் சூரியன் சுவரின் தளத்திலிருந்து இருபது பாகைதான் விலகியிருக்கும். நண்பகலில் தலைக்கு மேலே. இரண்டடி சன்ஷேடின் நிழலே பதினோரு அடிக்கு இறங்கி, ஒரு மாடிச் சுவரை மூடிவிடும். பூசியதன் மேடுபள்ளமெல்லாம் தெரிகிற அந்த உரசல் வெயிலை வைத்தால் படம் உயிர்பெறும். பொன்வெயிலை வைத்தால் வீடு தெற்குப் பார்த்ததாகிவிடும், வாஸ்து பார்த்து மனை வாங்கியவர் அதைக் கட்டாயம் கவனிப்பார்.

எனவே எந்தப் படம்? ஒரே ஒரு கோணம் போதும், வீட்டுக்காரரிடம் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும் என்றால் பொருத்திய படம். தெருவைக் கட்டுகிற வேலை மிச்சம். நாளை யூனிட்டைப் பின்பக்கம் மாற்றுங்கள், சாயங்கால வெளிச்சத்தில் காட்டுங்கள் என்று கேட்கக்கூடியவர் என்றால் கட்டிய படம், ஏனென்றால் புகைப்படத்தில் சாயங்காலம் வேண்டுமானால் மறுபடி தெருவுக்குப் போய் நிற்க வேண்டும்.

ஆனால் நான் கட்டிய படத்தின் பக்கம் சாய்வதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. கட்டுவதற்குக் கம்பம் எங்கே நிற்கிறது, கம்பி எந்த உயரத்தில் போகிறது என்று அளந்து வர வேண்டும். அளந்தால் என்ன தெரிகிறது பாருங்கள். முன்சுவரிலிருந்து கம்பி ஆறடி. இரண்டாம் மாடியில் மூன்றடி பால்கனி வெளியே நீள்கிறது. அதன் தரை மட்டமும் இருபதடி, கம்பியின் உயரமும் இருபதடி. மிச்சம் மூன்றடி. உறையில்லாத தாழ்வழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் நடுவே பக்கவாட்டில் 1.2 மீட்டர், அதாவது நாலடி, வேண்டும் என்கின்றன மின் பாதுகாப்பு விதிகள். பொருத்திய படத்தில் அந்தக் கம்பி பால்கனிக்கு முன்னால் அழகாக, வெகு இயல்பாகப் போகும்; எவ்வளவு முன்னால் என்று படம் சொல்லாது, வரைந்தவருக்கும் தெரியாது. கட்டிய படத்தில் கேமராவைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினால் போதும், பால்கனியில் நிற்கிறவர் கையை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில் கம்பி இருப்பது தெரிந்துவிடும். பால்கனியை இரண்டடியாகக் குறைத்தால் நாலடி கிடைக்கும்; குறைக்க மனமில்லையென்றால், அஸ்திவாரத்துக்கு முன்பே ஈ.பி. அலுவலகத்தில் மனு கொடுத்து, கம்பியை நகர்த்தவோ உறையிட்ட கேபிளாக மாற்றவோ கேட்க வேண்டும்.